அறுந்தால் தெரியாத சுரங்கம்

வீட்டு ரவுட்டரில் வி.பி.என். போட்டிருக்கும் ஒரு குடும்பத்தில், ஒருநாள் அந்தச் சுரங்கம் அறுந்துபோகிறது என்று வையுங்கள். யாருக்கும் தெரியாது. டிவியில் படம் ஓடும், போனில் செய்தி வரும், சொல்லப்போனால் வேகம் கொஞ்சம் கூடியிருக்கும். மறைவாகப் போக வேண்டும் என்று நினைத்த போக்குவரத்து எல்லாம் அன்றிலிருந்து திறந்த வழியில் போய்க்கொண்டிருக்கும். மாதக் கணக்கில்கூட அப்படியே போகலாம். ரவுட்டரில் வி.பி.என். அமைக்கச் சொல்லித்தரும் காணொளிகள் பெரும்பாலும், "பாருங்கள், ஐ.பி. முகவரி மாறிவிட்டது" என்று காட்டியதும் முடிந்துவிடுகின்றன. அது பாதி வேலைதான். சுரங்கம் அறுந்தால் வீட்டு இணையமும் கூடவே நின்றுபோக வேண்டும். அப்படி நிற்கிறதா என்று நாமே அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பாதிக்காகத்தான். முதல் பாதி இல்லாமல் அங்கே போக முடியாது என்பதால் அதையும் பார்த்துவிடுவோம்.

போனிலும் லேப்டாப்பிலும் வி.பி.என். செயலி போட்டுக்கொள்ளலாமே, ரவுட்டர் எதற்கு? செயலி போட முடியாத பொருள்கள் வீட்டில் பெருகிவிட்டன. ஸ்மார்ட் டிவி, கண்காணிப்புக் கேமரா, குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், போனிலிருந்து அணைத்துப் போடும் பிளக் எல்லாமே இணையத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் பலவற்றில் வி.பி.என். அமைக்க இடமே கிடையாது. ரவுட்டரில் ஒருமுறை அமைத்துவிட்டால், அதன் வைஃபையில் சேரும் எதுவும் தானாகச் சுரங்கத்துக்குள் போகும். வந்த விருந்தாளியின் போனும் அப்படித்தான்.

இதனால் எது மறைகிறது, எது மறையாது என்பதை இங்கேயே தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். வழியாக வருவதால், நீங்கள் என்ன படிக்கிறீர்கள், என்ன தட்டச்சு செய்கிறீர்கள் என்பது இணையம் தரும் நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், எப்போது போகிறீர்கள், எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பது தெரியும். வி.பி.என். மறைப்பது இதைத்தான். ஆனால் அதே விவரம் இனி வி.பி.என். நிறுவனத்தின் கண்ணில் படும். நம்பிக்கையை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே யாரிடம் வாங்குகிறோம் என்பது, ரவுட்டரில் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதைவிடப் பெரிய முடிவு. இலவச வி.பி.என். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பராமரிக்கப் பணம் செலவாகும் ஒரு சேவையை நம்மிடம் பணம் வாங்காமல் நடத்துபவர், அந்தப் பணத்தை வேறெங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒரு சட்ட விவரத்தையும் அறிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு வெளியிட்டது. வி.பி.என். சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்குக் கொடுத்த ஐ.பி. முதலியவற்றை ஐந்து ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்றது அது. வி.பி.என். பயன்படுத்துவதை அந்த உத்தரவு தடைசெய்யவில்லை. ஆனால் எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க் போன்ற நிறுவனங்கள் இந்த நிபந்தனையை ஏற்காமல், இந்திய மண்ணிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. எனவே இப்போது பட்டியலில் "இந்தியா" என்று தெரியும் சர்வர், உண்மையில் வேறு நாட்டில் நின்றுகொண்டு இந்திய ஐ.பி.யைக் காட்டுவதாக இருக்கலாம். அப்படியானால் பக்கத்து ஊர் தளத்துக்கான கோரிக்கையும் கடல் கடந்து போய்த் திரும்பும். தாமதம் கூடுவதற்கு அது ஒரு காரணம்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபைபர் இணைப்பு, வேகம் 100 எம்.பி.பி.எஸ். நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஒரு வெள்ளைப் பெட்டி. ஃபைபர் கம்பி வந்து சேரும் கருவியும் ரவுட்டரும் வைஃபையும் அந்த ஒரே பெட்டிக்குள். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் வி.பி.என். போட வழியில்லை. மென்பொருள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, தொலைவிலிருந்தே அவர்கள் மாற்றுவார்கள். அதோடு போராடாமல் அதன் பின்னால் நம்முடைய சொந்த ரவுட்டர் ஒன்றை வைப்பதே சரியான வழி. வெள்ளைப் பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒரு கேபிள், நம் ரவுட்டரின் வேன் துளைக்குள். வேலை முடிந்தது. இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் சிக்கல் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நாம் உள்ளிருந்து வெளியே போய்ச் சுரங்கம் போடுகிறோம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. அதனால் அந்தச் சிக்கல் இங்கே எழாது.

நம் ரவுட்டரில் ஓடும் மென்பொருள் ஓப்பன்வர்ட். 2004இல், லிங்க்சிஸ் நிறுவனத்தின் WRT54G என்ற ரவுட்டருக்காக வெளியான மூலநிரலிலிருந்து கிளைத்த திறந்த திட்டம் அது. பல கம்பெனிகளின் ரவுட்டர்களில் இதை ஏற்றலாம். ஏற்றும் துணிவு இல்லாதவர்களுக்கு, இதன்மேல் கட்டிய மென்பொருளோடு விற்பனைக்கு வரும் ரவுட்டர்களும் உண்டு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வைஃபை வேகம் இந்த வேலைக்கு உதவாது. மறையாக்கம் முழுவதையும் ரவுட்டரின் செயலிச் சில்லு செய்ய வேண்டியிருப்பதால், வயர்கார்டு வேகம் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது நம் இணைப்பின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

வயர்கார்டு என்பது சுரங்கத்தின் வகை. ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கியது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பழைய ஓப்பன் வி.பி.என். வழக்கமாகக் கருவுக்கு வெளியே நின்று ஓடுவதால் ஒவ்வொரு பொட்டலமும் உள்ளே வெளியே என்று அலைய வேண்டியிருக்கும், சின்னச் சில்லுள்ள ரவுட்டர் திணறிப்போகும். இரண்டும் கிடைக்கும் இடத்தில் வீட்டு ரவுட்டருக்கு வயர்கார்டையே தேர்ந்தெடுங்கள்.

முதலில் ஒரு மோதலைத் தவிர்க்க வேண்டும். வெள்ளைப் பெட்டி பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும். ஓப்பன்வர்ட்டின் இயல்பான முகவரியும் அதுவே. இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால் எந்தப் பொட்டலம் எந்தப் பக்கம் போவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. எனவே நம் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிவிட்டு மேலே போவோம். பிறகு லூசி என்ற இணையப் பக்கத்துக்குள் நுழைந்து, மென்பொருள் பட்டியலில் `luci-proto-wireguard` என்ற பொதியை நிறுவி, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

வி.பி.என். நிறுவனத்தின் தளத்தில் வயர்கார்டு கோப்பு ஒன்றைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அது இப்படி இருக்கும். இங்குள்ள எண்கள் மாதிரிக்குத்தான்:

```
[Interface]
PrivateKey = ...
Address = 10.8.0.7/32
DNS = 10.8.0.1

[Peer]
PublicKey = ...
Endpoint = 203.0.113.25:51820
AllowedIPs = 0.0.0.0/0
PersistentKeepalive = 25
```

`PrivateKey` நம்முடைய ரகசியச் சாவி, யாரிடமும் காட்டக் கூடாது. `PublicKey` எதிர்முனைச் சர்வரின் பொதுச்சாவி. `Endpoint` அந்தச் சர்வர் இருக்கும் இடமும் கதவு எண்ணும். இங்கே பெயருக்குப் பதில் ஐ.பி. எண் இருப்பது நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். `AllowedIPs` என்ற இடத்தில் 0.0.0.0/0 என்றால் ஐ.பி.வி4 முகவரி எதுவானாலும் சுரங்கத்துக்குள் அனுப்பு என்று பொருள். `PersistentKeepalive` ஒவ்வொரு 25 விநாடிக்கும் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி, நடுவிலிருக்கும் வெள்ளைப் பெட்டி இந்த இணைப்பை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

லூசியில் Network, அதற்குள் Interfaces. அங்கே `wg0` என்ற பெயரில் புதிய இடைமுகம் சேர்த்து, வகையாக WireGuard VPN என்பதைத் தேர்ந்தெடுத்து, Load configuration பொத்தானில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் எல்லாப் புலங்களும் தாமாக நிரம்பிவிடும். எதிர்முனைக்கான பக்கத்தில் Route Allowed IPs என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சுரங்கம் இருக்கும், ஆனால் யாரும் அதற்குள் போகமாட்டார்கள். வேன் இடைமுகத்தின் மேம்பட்ட அமைப்பில் Use gateway metric என்ற இடத்தில் 20 என்று போட்டுவிடுங்கள். எண் சிறியதாக உள்ள வழிக்கே முன்னுரிமை என்பதால், சுரங்கமும் வேனும் இரண்டும் உயிரோடு இருக்கும்போது போக்குவரத்து சுரங்கத்தையே தேர்ந்தெடுக்கும்.

இப்போது இடைமுகப் பட்டியலில் `wg0` இயங்குவதாகத் தெரியும். பலர் ஏமாறும் இடம் இதுதான். இணைப்பு கிடைத்தது, கிடைக்கவில்லை என்று வயர்கார்டு எங்கும் அறிவிப்பதில்லை. சாவி தப்பாக இருந்தாலும், சர்வர் செத்திருந்தாலும், இடைமுகம் இயங்குவதாகவே காட்டும். உண்மை நிலை தெரிய ரவுட்டருக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்து `wg show` என்று அடிக்க வேண்டும். லூசியின் Status பகுதியிலும் அதே விவரம் கிடைக்கும். நல்ல சுரங்கம் இப்படிப் பேசும்:

```
latest handshake: 1 minute, 12 seconds ago
transfer: 48.31 MiB received, 5.02 MiB sent
```

போக்குவரத்து ஓடும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரு முனைகளும் புதுச் சாவிக்காகக் கைகுலுக்கிக்கொள்ளும். ஆகவே கடைசிக் கைகுலுக்கல் மூன்று நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அந்தச் சுரங்கம் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கைகுலுக்கல் வரியே இல்லாமல் இப்படி மட்டும் தெரிந்தால்:

```
transfer: 0 B received, 4.34 KiB sent
```

நாம் கதவைத் தட்டுகிறோம், உள்ளேயிருந்து பதில் இல்லை என்று பொருள். தட்டும் ஒவ்வொரு முயற்சியும் 148 பைட். எனவே இங்கே முப்பது முறை தட்டியிருக்கிறோம். சாவி பிழை, முகவரி பிழை, வழியில் யாரோ தடுப்பது என்ற மூன்றில் ஒன்று. இன்னொரு காரணமும் உண்டு, அது கரண்ட் போய் வந்த பிறகு தலைகாட்டும்.

அடுத்தது ஃபயர்வால். ஓப்பன்வர்ட் தன் துளைகளையும் இடைமுகங்களையும் மண்டலங்களாகப் பிரித்துவைக்கும். வீட்டுப் பக்கம் `lan`, வெளிப்பக்கம் `wan`. `lan`இலிருந்து `wan`க்குப் போகலாம் என்ற ஒரே ஓர் அனுமதியால்தான் நம் வீட்டில் இணையம் ஓடுகிறது. நாம் `vpn` என்று மூன்றாவது மண்டலம் ஒன்றை உண்டாக்கி `wg0`வை அதில் போடுவோம். உள்ளே வருவதற்கு மறுப்பு, வெளியே போவதற்கு அனுமதி, Masquerading, MSS clamping இரண்டிலும் டிக். பிறகு `lan` மண்டலத்தைத் திறந்து, போகக்கூடிய இடங்களின் பட்டியலிலிருந்து `wan`ஐ நீக்கிவிட்டு `vpn`ஐ வைப்போம். `/etc/config/firewall` கோப்பில் பார்த்தால் மாற்றம் இவ்வளவுதான்:

```
config forwarding
        option src 'lan'
        option dest 'vpn'
```

முன்பு இந்தக் கடைசி வரியில் `wan` இருந்தது. சொந்த ரவுட்டர் வைப்பதன் பலன் முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வீட்டுப் பொருள்களுக்கு வெளியே போக இனி வேறு அனுமதியே கிடையாது. சுரங்கம் அறுந்தால் பொட்டலம் ரவுட்டரோடு நின்றுவிடும். இதைத்தான் கில் ஸ்விட்ச் என்கிறார்கள். அது தனியாக ஒரு மென்பொருள் இல்லை. இருந்த அனுமதியை எடுத்துவிட்டோம், அவ்வளவே. பழைய அனுமதியை விட்டுவைத்துப் புதியதைக் கூடவே சேர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில்தான் முதல் பத்தியில் சொன்னது நடக்கிறது.

இவ்வளவு செய்தும் ஓர் ஓட்டை பாக்கி இருக்கிறது, அது டி.என்.எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண்ணைக் கேட்கும் வேலை அது. வீட்டிலுள்ள போன் இந்தக் கேள்வியை ரவுட்டரிடம் கேட்கும், ரவுட்டர் வெளியே விசாரித்துப் பதில் சொல்லும். வெளியே விசாரிக்கும்போது கேட்பவர் ரவுட்டர், போன் இல்லை. நாம் மாற்றிய அனுமதி `lan`இலிருந்து கடந்துபோகும் பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும். ரவுட்டர் தானே கிளப்பும் பொட்டலத்தை அது தொடாது. எனவே இணைய நிறுவனம் கொடுத்த டி.என்.எஸ். முகவரி ரவுட்டரில் இன்னும் இருந்தால், நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அந்த நிறுவனத்திடமே போய்ச் சேரலாம். மறைக்க நினைத்த விவரமே அதுதான். வேன் இடைமுகத்தின் மேம்பட்ட அமைப்பில் Use DNS servers advertised by peer என்ற டிக்கை எடுத்துவிட்டால் இது அடைபடும். அதன்பின் ரவுட்டருக்குத் தெரிந்த ஒரே டி.என்.எஸ்., சுரங்கத்தின் மறுமுனையிலிருக்கும் 10.8.0.1.

ஐ.பி.வி6 இதன் உடன்பிறப்பு. நம் ஊர்ப் பெரிய நிறுவனங்கள் பல ஐ.பி.வி6 முகவரியும் தருகின்றன. நம் மாதிரிக் கோப்போ ஐ.பி.வி4 மட்டும் தருகிறது. ஃபயர்வாலை மாற்றாத வீட்டில், பாதிப் போக்குவரத்து சிங்கப்பூர் வழியாகவும் பாதி சொந்த ஊர் முகவரியோடு நேராகவும் போகும். நாம் மாற்றிவிட்டதால் கசியாது, ஆனால் போன்கள் ஐ.பி.வி6 வழியை முயன்று பார்த்துத் தோற்று, பிறகே மற்ற வழிக்கு வரும், பக்கங்கள் தயங்கித் திறக்கும். `wan6` இடைமுகத்தை ரவுட்டர் தொடங்கும்போது எழாதபடி நிறுத்திவிட்டு, லேன் பக்கத்தில் ஐ.பி.வி6 அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். `wan6` தன் பங்குக்குக் கொண்டுவரும் டி.என்.எஸ். முகவரியும் இதோடு போய்விடும்.

இப்போது அறுத்துப் பார்க்கலாம். லேப்டாப்பை நம் ரவுட்டரின் வைஃபையில் சேர்த்து, ஐ.பி. முகவரி காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் வி.பி.என். சர்வரின் எண் தெரிய வேண்டும். டி.என்.எஸ். கசிவைச் சோதிக்கும் தளங்களும் இருக்கின்றன. அவற்றில் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் எங்கும் வரக் கூடாது. பிறகு லூசிக்குப் போய் `wg0`வுக்கு நேரே உள்ள Stop பொத்தானை அழுத்துங்கள். உலாவியில் இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறக்க முயலுங்கள். திறக்கவே கூடாது. டிவியும் நிற்க வேண்டும், கேமராவின் படமும் போனில் வராமல் போக வேண்டும். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அது எந்த வைஃபையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பழைய வெள்ளைப் பெட்டியின் வைஃபையை நினைவில் வைத்துக்கொண்டு அங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கும். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதிப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் அந்த வழியில் போய்விடும்.

சோதனையில் தேறிய வீட்டிலும் ஒரு விநோதமான நோய் வரலாம். வாட்ஸாப்பில் எழுத்து போகிறது, படம் போகவில்லை. சில தளங்கள் உடனே திறக்கின்றன, சில பாதியில் நின்று சுற்றுகின்றன. சுரங்கத்துக்குள் போகும் ஒவ்வொரு பொட்டலமும், ஓர் உறையை இன்னோர் உறைக்குள் வைத்து ஒட்டுவதுபோல, புதிதாக ஒரு மேலுறை போட்டுக்கொள்கிறது. சாதாரண வழியில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். வயர்கார்டின் மேலுறைக்கு அதிகபட்சம் 80 பைட் தேவை. எனவே உள்ளே 1420 பைட்தான் வைக்கலாம். `wg0`வின் MTU என்ற இடத்தில் அந்த எண்ணே இயல்பாக இருக்கும். ஆனால் நம்ம ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பி.பி.பி.ஓ.இ. முறை இருக்கிறது. அது தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 1412. வழியில் வேறு ஏதாவது குறுகலான இடமும் இருக்கலாம். சின்னப் பொட்டலம் போய்ப் பெரியது மட்டும் சிக்குகிறது என்றால் MTUவை 1412 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் 1380, பிறகு 1280. கொஞ்சம் குறைத்தால் வேகத்தில் பெரிய இழப்பு இல்லை.

கரண்ட் போய் வந்த பிறகு தலைகாட்டும் சிக்கல் என்றேன். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்த வீடு, மின்தடைக்குப் பிறகு இணையமே இல்லாமல் நிற்கும். எந்த அமைப்பும் மாறியிருக்காது. `wg show` பார்த்தால் அனுப்பியது ஏறிக்கொண்டே போகும், பெற்றது 0. இதன் காரணம் ரவுட்டரின் கடிகாரம். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்தை ஓடவைக்கும் பேட்டரி கிடையாது. அணைந்து எழுந்ததும் ஓப்பன்வர்ட் தன் `/etc` அடைவில் கடைசியாக மாறிய கோப்பின் நேரத்தைத் தற்போதைய நேரமாக வைத்துக்கொள்ளும். நீங்கள் கடைசியாக அமைப்பை மாற்றியது சித்திரையில் என்றால், ஆடியில் கரண்ட் போய் வந்தாலும் ரவுட்டருக்கு அது சித்திரைதான். வயர்கார்டின் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரமுத்திரை ஒன்று இருக்கும். பழைய பொட்டலத்தைப் பிடித்துவைத்து யாராவது திரும்ப அனுப்பி ஏமாற்றாமல் இருக்க, முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையை எதிர்முனைச் சர்வர் ஏற்காது. மறுப்பதாகப் பதிலும் அனுப்பாது.

ரவுட்டர் எழுந்ததும் இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளுமே என்று தோன்றும். இங்கேதான் முடிச்சு விழுகிறது. நேரம் தரும் சர்வரின் பெயரை எண்ணாக்க டி.என்.எஸ். வேண்டும். நம் டி.என்.எஸ். சுரங்கத்துக்கு அப்பால் இருக்கிறது. சுரங்கம் எழ வேண்டுமென்றால் நேரம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கசிவை அடைக்க நாம் செய்த நல்ல காரியமே இந்த முடிச்சைப் போட்டது. அதற்காக அடைப்பைத் திறக்க வேண்டியதில்லை. நேரம் கேட்கும் வழியை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே, பெயரில்லாமல் எண்ணாகவே கொடுத்துவிட்டால் போதும். கூகுளின் பொது நேர சர்வர்கள் 216.239.35.0, 216.239.35.4 ஆகிய எண்களில் இருக்கின்றன. லூசியின் System பக்கத்தில், Time Synchronization பகுதியில், பட்டியலிலிருக்கும் பெயர்களை எடுத்துவிட்டு இந்த எண்களைப் போடுங்கள். பிறகு Network, Routing பக்கத்தில் 216.239.35.0/28 என்ற இலக்குக்கு வேன் இடைமுகம் வழியாக, வாயில் 192.168.1.1 என்று ஒரு நிலையான வழி சேருங்கள். வாயில் எண் நம் வெள்ளைப் பெட்டியுடையது. `Endpoint` இடத்தில் பெயருக்குப் பதில் ஐ.பி. எண் வேண்டும் என்று சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். பெயரை எண்ணாக்க அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். செய்து முடித்ததும் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் செருகி, கைகுலுக்கல் தானாக வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையையும் செய்தால்தான் வீட்டை நம்பி ஊருக்குப் போகலாம்.

வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் குற்றவாளியை எளிதில் கண்டுபிடிக்கலாம். பெரிய கோப்பு ஒன்றைத் தரவிறக்கிக்கொண்டே ரவுட்டரில் `top` என்று அடியுங்கள். `idle` என்ற இடத்தில் 0 பக்கமாக இருந்தால் ரவுட்டரின் சில்லு தன் எல்லையைத் தொட்டுவிட்டது, அதற்கு மருந்து வேறு ரவுட்டர்தான். சில்லு சும்மா இருந்தும் வேகம் குறைந்தால் பக்கத்திலுள்ள வேறு சர்வரை முயலுங்கள்.

சுரங்கத்துக்குள் இருந்தால் சிலவற்றைச் செய்ய முடியாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். படம் காட்டும் தளங்கள் பல, வி.பி.என். நிறுவனங்களின் முகவரிகளைக் கண்டுபிடித்துக் கதவைச் சாத்திவிடும். வங்கித் தளம், "புதிய இடத்திலிருந்து நுழைகிறீர்கள்" என்று சந்தேகப்படும். இந்திய அரசுத் தளங்கள் சில, வெளிநாட்டு முகவரிக்குத் திறக்கவே திறக்காது. வருமான வரி கட்டும் கடைசி நாளில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. குறிப்பிட்ட பொருளை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே அனுப்ப `pbr` என்ற பொதி இருக்கிறது. ஆனால் அதற்காக நாம் எடுத்துவிட்ட `wan` அனுமதியை ஏதோ ஒரு வகையில் திரும்பக் கொடுத்தாக வேண்டும், ஃபயர்வால் விதி ஒன்றில் கை தவறினால் கசிவு தொடங்கிவிடும். நம் மாதிரி வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. வெள்ளைப் பெட்டியின் வைஃபை இன்னும் உயிரோடு இருக்கிறதே! அதன் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றுங்கள். "நேர்வழி" என்று பெயர் வையுங்கள். வங்கி வேலையும் அரசு வேலையும் அங்கே, படம் பார்க்கும் டிவி வேண்டுமானால் அங்கே, மற்றதெல்லாம் உள் ரவுட்டரில். எது எந்தப் பக்கம் என்பது வைஃபை பெயரைப் பார்த்தாலே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கில் ஸ்விட்சும் தொடப்படாமல் இருக்கும்.

ஓப்பன்வர்ட்டுக்குப் புதுப் பதிப்பு வரும்போது மட்டும் கவனமாக இருங்கள். பதிப்பை மாற்றினால் அமைப்புகள் தங்கும், ஆனால் நாம் தனியாக நிறுவிய வயர்கார்டு பொதி அழிந்துபோகலாம். அப்போது `wg0` எழாது, ஃபயர்வால் யாரையும் வெளியே விடாது, பொதியைத் திரும்பத் தரவிறக்க டி.என்.எஸ். இருக்காது. நிறுவிய பொதிகளையும் சேர்த்தே புதுப் பதிப்பைக் கட்டித்தரும் Attended Sysupgrade வசதி லூசியில் இருந்தால் அதன் வழியாகவே புதுப்பியுங்கள். அது இல்லாத ரவுட்டரில், வேனின் டி.என்.எஸ். டிக்கைச் சற்று நேரம் போட்டு, பொதியை நிறுவி, டிக்கை எடுத்துவிட்டு, `wg0`வை ஒருமுறை நிறுத்திப் பார்க்கும் சோதனையைத் திரும்பவும் செய்துவிடுங்கள்.